மொத்தச் சராசரியை நம்பிப் படுக்கைக் கணக்குப் போடாதீர்கள்

30 படுக்கைகள் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். பொது மருத்துவ வார்டில் 20, பிரசவ வார்டில் 10. 30 நாள் மாதத்துக்கு 900 படுக்கை நாட்கள். நோயாளிகள் இருந்தது 720 நாட்கள், ஆக நிரம்பல் 80 சதவீதம். இறந்தவர்களையும் சேர்த்து வெளியேறியவர்கள் 189 பேர். காலியாகக் கிடந்த 180 நாட்களை 189ஆல் வகுத்தால், ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை ஒரு படுக்கை சராசரியாக 23 மணி நேரம் காலி. இதைப் பார்த்து “இடம் தாராளமாக இருக்கிறது” என்று முடிவெடுப்பதுதான் முதல் தவறு.

வார்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பொது மருத்துவத்தில் 600க்கு 582 நாட்கள், 97 சதவீதம். டிஸ்சார்ஜ் 120. காலியாகக் கிடந்த 18 நாட்களை 120ஆல் வகுத்தால், படுக்கை காலியாக இருக்கும் இடைவெளி 0.15 நாள், ஏறத்தாழ மூன்றரை மணி நேரம்தான். சுத்தம் செய்து விரிப்பு மாற்றி அடுத்தவரைப் படுக்க வைப்பதற்கே அது பெரும்பாலும் போய்விடும். பிரசவ வார்டிலோ 138 நாட்கள், 46 சதவீதம். 69 டிஸ்சார்ஜ், இடைவெளி இரண்டு நாளுக்கும் மேல்.

உடனே பிரசவ வார்டின் பாதிப் படுக்கைகளைப் பொது வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். அது முதல் தவறைவிட ஆபத்தானது. அங்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 4.6 பேர் இருக்கிறார்கள். பிரசவ வலி யாரையும் கேட்டு வருவதில்லை. இப்படித் தற்செயலாக வருபவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு, இங்கே 2 பேர் வரை, வழக்கமாகவே கூடிக் குறையும். சில நாட்களில் 8, 9 பேர் ஆவது இயல்பு. விட்டுக்கொடுக்க முடிந்தது ஒரு படுக்கைதான். சிறிய வார்டுக்குப் பெரிய வார்டைவிட அதிகக் காலியிடம் வேண்டும். ஒரே இலக்கு சதவீதத்தை எல்லா வார்டுக்கும் வைக்கவே கூடாது.

சரி, பொது வார்டுக்கு என்ன வழி? புதுப் படுக்கை வாங்குமுன் தங்கும் நாட்களைப் பார்க்க வேண்டும். 582-ஐ 120ஆல் வகுக்க சராசரி 4.85 நாள். ஆனால் நோயாளிவாரிப் பட்டியலில் 4 பேர் மாதம் முழுக்க இருந்து கடைசி நாளில் போனதாக வைத்துக்கொள்வோம். அவர்களின் 120 நாட்களைக் கழித்தால் மற்ற 116 பேருக்கும் சராசரி 4 நாள்தான். ஆகவே எல்லோரையும் சீக்கிரம் அனுப்பு என்று மருத்துவர்களை நெருக்குவதில் பயனில்லை. நோய் முழுதாக அடங்காமல் போனவர் திரும்பி வந்து சேருவார். அந்த நால்வரும் சிகிச்சை முடிந்தபின் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் காத்திருந்தார்களா என்று கேளுங்கள். 15ஆம் நாளில் அவர்களுக்கு ஏற்பாடு செய்திருந்தால் 60 படுக்கை நாட்கள் மிஞ்சும். மாதம் முழுக்க இரண்டு படுக்கைகள் கிடைத்ததற்குச் சமம்.

நிரம்பல் சதவீதம், காலி இடைவெளி, தங்கும் நாள் என்ற இந்த மூன்று எண்களிலும் வராத ஆட்களும் உண்டு. இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வார்டுப் பதிவேட்டில் இருக்கமாட்டார்கள். நள்ளிரவில் ஆள் எண்ணும் வழக்கமானால், பகலில் மட்டும் படுக்கையில் இருந்து மாலையில் போனவர்களும் விட்டுப்போவார்கள். 97 சதவீத வார்டில் இரண்டு படுக்கை மிச்சப்படுத்தினால் போதுமா, புதிதாகக் கூட்ட வேண்டுமா என்பது இந்த இரண்டு எண்ணிக்கையையும் சில வாரங்கள் தனியாகக் குறித்து வைத்தால்தான் தெரியும்.