கழிவு மறுத்த தீர்ப்பாய உத்தரவைச் சுருக்கி எழுதுவது எப்படி: சட்டக் கேள்வி வேறு, சங்கதி வேறு

வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவைச் சுருக்கும்போது, சட்டத்தையும் சங்கதியையும் ஏன் பிரிக்க வேண்டும்? 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 260ஏ பிரிவின்படி, தீர்ப்பாயத்தைத் தாண்டி உயர் நீதிமன்றத்துக்குப் போக முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருக்க வேண்டும். சங்கதியைப் பொறுத்தவரை தீர்ப்பாயம் சொன்னதுதான் பெரும்பாலும் கடைசி. சுருக்கத்தைப் படிக்கிற வழக்கறிஞர் முதலில் தேடுவதும் இந்தப் பிரிப்பைத்தான்.

ஒரு கற்பனை உத்தரவை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம், மதிப்பீட்டு ஆண்டு 2019-20. தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பங்கில் ரூ.6,40,000-ஐத் தாமதமாகக் கட்டியதாகச் சொல்லி, அதை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் கழிவை வருமான வரித் துறை மறுத்தது. முதல் மேல்முறையீட்டிலும் நிறுவனத்துக்குத் தோல்வி. அப்புறம் தீர்ப்பாயம்.

படி 1: கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்

நம் உத்தரவு 'பார்ட்லி அலவ்டு ஃபார் ஸ்டாட்டிஸ்டிகல் பர்பசஸ்' என்று முடிகிறது. புதியவர்கள் இதைப் பார்த்ததும் 'நிறுவனம் ஓரளவு வென்றது' என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. இந்தச் சொற்றொடர் வந்தால், ஏதோ ஒரு விஷயம் மறுபடி பார்க்கச் சொல்லிக் கீழே அனுப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒரு ரூபாய்கூட இன்னும் கிடைக்கவில்லை.

படி 2: சட்டக் கேள்வியைத் தனியே எழுதுங்கள்

நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி எதுவும் இல்லாமல் கேள்வியை எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது சட்டக் கேள்வி. இங்கே அது இப்படி வரும்: தொழிலாளரிடம் பிடித்த பி.எஃப். பங்கை பி.எஃப். சட்டத்தின் கெடு தாண்டி, ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டினால் கழிவு உண்டா?

இதில் உயர் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் இரண்டுபட்டுக் கிடந்தன. 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'கழிவு இல்லை' என்று முடித்துவைத்தது. கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் கட்டினால் போதும் என்ற 43பி பிரிவின் சலுகை, முதலாளி தன் கையிலிருந்து போடும் பங்குக்குத்தான். தொழிலாளியிடம் பிடித்தது அவருடைய பணம், அதற்கு 36(1)(விஏ) பிரிவு சொல்லும் கெடுதான் கணக்கு. இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். முடிவை மட்டும் எழுதினால் அடுத்த வழக்குக்கு உதவாது.

படி 3: சங்கதியை யார் சொன்னது என்று பாருங்கள்

அதிகம் சறுக்குவது இங்கேதான். உத்தரவின் நடுவில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது: 'அக்டோபர் மாதத்துக்கான ரூ.1,50,000, 14.11.2018 அன்றே கட்டப்பட்டது; தணிக்கை அறிக்கையில் 24.11.2018 என்று தட்டச்சுப் பிழை.' கெடு 15-ஆம் தேதி. படித்ததும் இது நிரூபணமான விஷயம் போலத் தெரியும். ஆனால் வாக்கியத்தின் தலையில் 'பிரதிநிதி சமர்ப்பித்தார்' என்று இருக்கிறது. ஆக அது நிறுவனத் தரப்பின் வாதம்தான். தீர்ப்பாயத்தின் சொந்தக் குரல், இரு தரப்பையும் கேட்டோம் என்று தொடங்கும் பத்தியிலிருந்துதான் ஆரம்பிக்கும். அங்கே போய்ப் பார்த்தால், சலானைச் சரிபார்க்கும்படி மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்கிறது. எந்தத் தேதி சரி என்று அது தீர்மானிக்கவே இல்லை.

தாமதமாகக் கட்டியதாக நிறுவனமே ஒப்புக்கொண்ட மீதி ரூ.4,90,000-இல் சங்கதித் தகராறு கிடையாது. அங்கே சட்டம் மட்டும்தான் பாக்கி.

படி 4: எழுதுங்கள்

> சட்டம்: தொழிலாளர் பி.எஃப். பங்கை அந்தச் சட்டத்தின் கெடுவுக்குள் கட்டினால் மட்டுமே கழிவு. 43பி உதவாது (செக்மேட் சர்வீசஸ், உச்ச நீதிமன்றம், 2022).
>
> சங்கதி: ரூ.4,90,000 தாமதம், ஒப்புக்கொள்ளப்பட்டது. ரூ.1,50,000 கெடுவுக்குள் கட்டியதாக நிறுவனத்தின் வாதம், தீர்மானிக்கப்படவில்லை.
>
> முடிவு: ரூ.4,90,000-க்குக் கழிவு மறுப்பு உறுதி. ரூ.1,50,000 சலான் சரிபார்ப்புக்காக மதிப்பீட்டு அலுவலருக்கு.

எழுதியதும் சட்டப் பகுதியை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். அதில் தொகையோ மாதமோ எட்டிப் பார்த்தால், சங்கதிக்கு நகர்த்துங்கள். இந்தப் பிரிப்பு எல்லா வழக்கிலும் இவ்வளவு சுத்தமாக வராது. ஒரு செலவு முழுக்க வியாபாரத்துக்காகவே செய்யப்பட்டதா என்ற கேள்வியில் இரண்டும் பின்னிக் கிடக்கும். அப்போது மூன்றாவதாக 'பொருத்திப் பார்த்தல்' என்று ஒரு வரி போட்டு, எந்தச் சங்கதியை வைத்து எந்த விதிக்குள் கொண்டுவந்தார்கள் என்று அதில் எழுதிவிடலாம்.