சீட்டில் BD, TDS என்று இருந்தால் எத்தனை மணிக்கு மாத்திரை போடுவது?

டாக்டர் எழுதித் தரும் சீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள் ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதைத்தான் சொல்கின்றன. எத்தனை மணிக்கு என்பதைச் சொல்வதில்லை. அதை மெடிக்கல் ஷாப்பில் கேட்டோ, கீழே உள்ள முறையில் நாமே கணக்குப் போட்டோ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எழுத்துகளைப் படியுங்கள்

OD என்றால் நாளுக்கு ஒரு வேளை, BD இரண்டு வேளை, TDS மூன்று வேளை, QID நான்கு வேளை. HS என்றால் படுக்கப் போகும்போது. SOS என்பது தேவைப்பட்டால் மட்டும். பக்கத்திலேயே AC இருந்தால் சாப்பாட்டுக்கு முன், PC இருந்தால் சாப்பாட்டுக்குப் பின்.

பல டாக்டர்கள் எழுத்துக்குப் பதில் 1-0-1 என்று எழுதுவார்கள். இது காலை, மதியம், இரவு என்ற வரிசை. 1-0-1 காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ½-0-½ என்றால் இரு வேளையும் அரை மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் காகிதக் கவரின் மேல் பேனாவால் எழுதிக் கொடுப்பதும் இதைத்தான். கவரில் இருப்பதும் சீட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று கடையை விட்டு நகரும் முன் பார்த்துவிடுங்கள். அவசரக் கையெழுத்தில் OD-யும் BD-யும் ஒரே மாதிரி தெரியும்.

கண் டாக்டரின் சீட்டு மட்டும் வேறு. அங்கே OD வலது கண்ணையும் OS இடது கண்ணையும் OU இரண்டு கண்களையும் குறிக்கலாம். சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் OD இருந்தால், ஒரு வேளையா வலது கண்ணா என்று கேட்காமல் ஊற்றக் கூடாது.

பிறகு, சாப்பாட்டைப் பார்ப்பதா கடிகாரத்தைப் பார்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வருகிறது. சில மருந்துகள் சாப்பாட்டோடு கட்டுண்டவை. சில மருந்துகளுக்கு வேளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம். சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்குப் பல்லில் சீழ் பிடித்திருக்கிறது, சீட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

அமாக்ஸிசிலின் 500 – TDS – 5 நாள்
பான்டோப்ரசோல் 40 – OD, AC
மெட்பார்மின் 500 – BD, PC
பாராசிட்டமால் 650 – SOS

மெட்பார்மின் சாப்பாட்டைப் பின்தொடர்வது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும் என்பதால்தான் PC. காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். 12 மணி நேரம் கச்சிதமாக வராவிட்டால் பரவாயில்லை.

பான்டோப்ரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும். சாப்பாடு வரும்போது வயிற்றில் அமிலம் சுரக்கத் தொடங்கும், அந்த நேரத்தில் மருந்து தயாராக இருந்தால்தான் சுரப்பை அடக்கும். இட்லியைச் சாப்பிட்ட பிறகு ஞாபகம் வந்து போட்டால் பலன் குறையும்.

அமாக்ஸிசிலின் கடிகாரத்தைப் பார்ப்பது. சிறுநீரகம் அதைச் சில மணி நேரத்திலேயே வெளியேற்றிவிடும், ஆனால் கிருமியைக் கொல்ல ரத்தத்தில் அதன் அளவு நாள் முழுவதும் போதிய நேரம் நிற்க வேண்டும். மூன்று வேளை என்றதும் பலர் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து காலை 8, மதியம் 1, இரவு 8 என்று போடுகிறார்கள். இடைவெளியை எண்ணிப் பாருங்கள்: 5 மணி, 7 மணி, அப்புறம் ராத்திரி முழுக்க 12 மணி. பகலில் நெருக்கி விழுங்கிவிட்டு, இரவில் கிருமிக்கு நீண்ட ஓய்வு கொடுக்கிறோம்.

24-ஐ மூன்றால் வகுத்தால் 8. காலை 6, மதியம் 2, இரவு 10 என்பது கச்சிதமான கணக்கு. அவ்வளவு சீக்கிரம் எழ முடியாதவர் காலை 7, மதியம் 2:30, இரவு 10 என்று வைத்துக்கொள்ளலாம். இடைவெளி ஏழரை, ஏழரை, ஒன்பது. இது போதும். அமாக்ஸிசிலினைச் சாப்பிட்ட பிறகும் போடலாம், முன்னாலும் போடலாம் என்பதால் சாப்பாட்டு நேரம் குறுக்கே வராது.

இப்போது ஒரே அட்டவணையாக எழுதுங்கள்

காலை 7:00 – அமாக்ஸிசிலின், பான்டோப்ரசோல்
7:30 – சாப்பாடு, முடிந்ததும் மெட்பார்மின்
மதியம் 2:30 – அமாக்ஸிசிலின்
இரவு 8:30 – சாப்பாடு, முடிந்ததும் மெட்பார்மின்
10:00 – அமாக்ஸிசிலின்

பாராசிட்டமால் இதில் இல்லை, இருக்கவும் கூடாது. வலி வந்தால் மட்டும் ஒன்று. மறுபடி தேவைப்பட்டால் 6 மணி நேரமாவது கழிய வேண்டும். போட்ட நேரத்தை அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிவிடும்.

மாத்திரையை எண்ணிப் பாருங்கள்

5 நாள் TDS என்றால் 15 மாத்திரை. திங்கள் இரவு 10 மணிக்கு ஆரம்பித்தால் அன்று ஒன்று, செவ்வாய் முதல் வெள்ளி வரை 12, சனிக்கிழமை காலை ஒன்று, மதியம் ஒன்று. வெள்ளியோடு ஐந்து நாள் முடிந்தது என்று நிறுத்தினால் இரண்டு மாத்திரை மிஞ்சும். சனி மதியத்துக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் நடுவில் ஒரு வேளை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

விட்டுப்போனது எப்போது ஞாபகம் வருகிறது என்பதைப் பொறுத்துதான் அடுத்த முடிவு. மதியம் 2:30-க்குப் போட வேண்டியது 4 மணிக்கு நினைவு வந்தால் உடனே போடலாம். இரவு 9 மணிக்கு நினைவு வந்தால் அதை விட்டுவிட்டு 10 மணி மாத்திரையை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

BD என்றால் எப்போதும் காலையும் இரவும் அல்ல

நீர் பிரிய வைக்கும் ஃப்யூரோசமைடை BD என்று எழுதினால், வழக்கமாக காலை 8 மணிக்கும் மதியம் 2 மணி வாக்கிலும் போடச் சொல்வார்கள். இரவு போட்டால் தூக்கத்தில் பலமுறை எழ வேண்டும்; வயதானவர்கள் இருட்டில் கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிடுவார்கள். நெஞ்சுவலிக்குத் தரும் ஐசோசார்பைட் மோனோநைட்ரேட்டும் அப்படித்தான், காலையும் பிற்பகலும். அந்த மருந்து உடம்பில் ஓயாமல் இருந்தால் அதன் வேலை மங்கிவிடும் என்பதால் இரவை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். இந்த இரண்டும் உங்கள் சீட்டில் இருந்தால் 12 மணி நேரக் கணக்கை நீங்களாகப் போடாதீர்கள், மணியைக் கேட்டு வாங்குங்கள்.

OD-யிலும் ஆபத்தான ஒரு மருந்து உண்டு. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. அதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் உண்டு. அந்தப் பெயரைச் சீட்டில் பார்த்தால் எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு, அந்தக் கிழமையை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். சீட்டிலோ கவரிலோ OD என்றோ 1-0-0 என்றோ இருந்தால் ஒரு மாத்திரைகூடப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.