ஸ்கிரீன் ரெக்கார்டிங் பாடத்துக்கு முன் ஒரு பக்கக் குறிப்பு: எக்செல் டிராப்-டவுனை வைத்து ஒரு செய்முறை

எக்செலில் ஒரு சின்ன வேலையைச் சொல்லித்தரும் வீடியோ எடுக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டியூஷன் கட்டணப் பட்டியல் ஒன்று இருக்கிறது. B பத்தியில் 12 மாணவர் பெயர்கள், C பத்தியில் கட்டணம் வந்ததா இல்லையா என்ற விவரம். அதில் ஒருவர் "கட்டியாச்சு" என்று எழுதுகிறார், இன்னொருவர் "கட்டினார்", மூன்றாமவர் "பணம் வந்தது". பிறகு ஃபில்டர் போட்டால் எதுவும் ஒன்றுசேராது. டேட்டா வேலிடேஷன் என்ற வசதியைக் கொண்டு C பத்தியில் டிராப்-டவுன் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

செய்துகாட்ட ஒரு நிமிடம் போதும். ஆனால் குறிப்பு எதுவும் இல்லாமல் ரெக்கார்ட் செய்தால் அது ஏழெட்டு நிமிடம் இழுக்கும், பார்ப்பவர் நடுவில் எங்கோ தொலைந்துபோவார். அந்தக் குறிப்பை எப்படி எழுதுவது என்பதை இதே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"எக்செல் டேட்டா வேலிடேஷன்" என்று எழுதினால் அது ஒரு தலைப்பு மட்டுமே. அதற்குள் பத்து வீடியோவுக்கான விஷயம் இருக்கிறது. வாக்கியம் ஒரு வினையில் முடியவேண்டும்: "C2 முதல் C13 வரை, கட்டியாச்சு அல்லது பாக்கி என்ற இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் டிராப்-டவுனை வைப்பது."

அதன் கீழேயே, இந்த வீடியோவில் சொல்லப்போகாதவற்றையும் எழுதிவிடுங்கள். வேறு செல்களிலிருந்து பட்டியலை எடுப்பது, Input Message, பிழைச் செய்தியை மாற்றுவது ஆகியவை இங்கே வேண்டாம். இந்தப் பட்டியல் உங்களுக்காகத்தான். ரெக்கார்டிங்கின்போது திரையில் Input Message என்ற டேப் கண்ணில் படும், அதையும் சொல்லிவிடலாமே என்று நாக்கு துறுதுறுக்கும். எழுதி வைத்திருந்தால் கடந்துபோவீர்கள்.

ஆரம்பத் திரையும் முடிவுத் திரையும்

வீடியோ தொடங்கும்போது திரையில் என்ன இருக்கவேண்டும், முடியும்போது என்ன இருக்கவேண்டும் என்று இரண்டு வரிகள் எழுதுங்கள். ஆரம்பம்: முதல் வரிசையில் தலைப்புகள், B2 முதல் B13 வரை பெயர்கள், C பத்தி காலி. முடிவு: C2இல் "கட்டியாச்சு" தேர்வாகியிருக்கிறது, C3இல் வேறு எதையோ டைப் செய்தபோது எக்செல் மறுத்திருக்கிறது.

C பத்தி காலியாக இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. செல்லில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தை வேலிடேஷன் நீக்குவதில்லை, எச்சரிப்பதும் இல்லை. பழைய "கட்டினார்" அப்படியே நிற்கும். முதல் முறை பார்ப்பவர் டிராப்-டவுன் வேலை செய்யவில்லை என்றே நினைப்பார்.

ஆரம்பக் கோப்பை fees-start.xlsx என்று தனியாகச் சேமித்து, ஒவ்வொரு டேக்குக்கும் அதன் நகலைத் திறங்கள். ஒருமுறை டிராப்-டவுன் வைத்த கோப்பிலேயே மறுபடி எடுத்தால், டயலாக் பாக்ஸைத் திறந்ததும் பழைய பட்டியல் நிரம்பியிருக்கும். பார்ப்பவரின் திரையில் அந்தப் பட்டியலே இருக்காது.

கை, திரை, வாய்

இப்போது வேலையை மெதுவாக ஒருமுறை செய்து, ஒவ்வொரு கிளிக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றைப் படிகளாகப் பிரிக்கவேண்டும். கிளிக்குக்கு ஒரு படி என்று பிரித்தால் இருபது வந்துவிடும். எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரே விதிதான்: பார்ப்பவர் தன் திரையை உங்கள் திரையோடு ஒப்பிட்டு, "சரியாகத்தான் வந்திருக்கிறேன்" என்று தெரிந்துகொள்ளும் இடத்தில் படி முடியவேண்டும். அப்படி ஓர் அடையாளம் இல்லாத இடத்தில் படியை முடிக்காதீர்கள்.

ஒவ்வொரு படிக்கும் மூன்று குறிப்புகள் வேண்டும். கை என்ன செய்கிறது, அதனால் திரையில் என்ன தெரிகிறது, வாய் என்ன சொல்கிறது. நம் உதாரணத்துக்கு அது இப்படி வரும்:

1. கை: C2இல் மவுஸை அழுத்தி C13 வரை இழு. திரை: 12 செல்களையும் சுற்றிப் பச்சைக் கட்டம். வாய்: "தலைப்பு இருக்கும் C1ஐ விட்டுவிட்டு, C2இலிருந்து தேர்ந்தெடுங்கள்."
2. கை: Data டேப், Data Tools குழுவில் Data Validation. திரை: அதே பெயரில் பெட்டி, Settings டேப் திறந்திருக்கிறது. வாய்: "பட்டனின் பக்கத்திலுள்ள சின்ன அம்பை அல்ல, பட்டனையே கிளிக் செய்யுங்கள்."
3. கை: Allow என்பதில் List. திரை: கீழே Source என்ற கட்டம் புதிதாக வருகிறது. வாய்: "Source வந்ததா என்று பாருங்கள்."
4. கை: Sourceஇல் இரண்டு சொற்களையும் இடு. திரை: இரண்டு சொற்கள், நடுவில் ஒரு கமா. வாய்: "நடுவில் கமா மட்டும். கோடோ அரைப்புள்ளியோ வேண்டாம்."
5. கை: OK. திரை: பெட்டி மூடி, C2 பக்கத்தில் அம்பு. C7ஐக் கிளிக் செய்தால் அங்கே அம்பு. வாய்: "அம்பு ஒரு செல்லில்தான் தெரியும். எந்தச் செல்லில் நிற்கிறீர்களோ அங்கே வரும்."
6. கை: C2இல் கட்டியாச்சு தேர்வு. C3இல் "சரி" என்று டைப் செய்து Enter. திரை: எக்செல் பிழைச் செய்தி. Cancel. வாய்: "இந்தச் செய்தி வந்தால் வேலை முடிந்தது."

நான்காம் படியில் இடவேண்டியது இவ்வளவுதான்:

```
கட்டியாச்சு,பாக்கி
```

ரெக்கார்டிங் நடக்கும்போது தமிழ் கீபோர்டுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகும், தவறும் வரும். இந்த வரியை நோட்பேடில் தயாராக வைத்து, Sourceஇல் Ctrl+V அழுத்துங்கள். வீடியோவின் விளக்கக் குறிப்பிலும் அதே வரியைக் கொடுத்தால் பார்ப்பவரும் நகலெடுத்துக்கொள்வார்.

மெனுப் பெயர்களைத் திரையில் உள்ளபடியே சொல்லவேண்டும். Data Validation என்பதைத் "தரவுச் சரிபார்ப்பு" என்று மட்டும் சொன்னால், ஆங்கில எக்செல் வைத்திருப்பவர் அந்தப் பெயரைத் திரையில் தேடித் தேடிக் களைத்துப்போவார். முதல் முறை ஆங்கிலப் பெயரைச் சொல்லி, அது என்ன செய்யும் என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தவறு நடக்கும் இடமும் தெரியும் இடமும் வேறு

குறிப்பில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். நான்காம் படியில் கமாவுக்குப் பதில் சாய்கோடு போட்டால் அந்தக் கணத்தில் எதுவும் ஆகாது. OK அழுத்தலாம், அம்பும் வரும். ஆறாம் படியில் அம்பைத் திறக்கும்போதுதான் "கட்டியாச்சு/பாக்கி" என்று ஒரே வரியாக நிற்கும். முதல் படியில் ஒரு செல்லை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், ஐந்தாம் படியில் C7ஐக் கிளிக் செய்யும்போதுதான் அது தெரியவரும். அதனால்தான் அந்த C7 கிளிக் அங்கே இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு படியின் கீழும், "இங்கே தவறினால் எந்தப் படியில் தெரியும், எந்தப் படிக்குத் திரும்பவேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். தவறு தெரியும் படியில்தான் அதை வாயால் சொல்லவேண்டும்: "இரண்டும் ஒரே வரியில் வந்தால் நான்காம் படிக்குப் போய்க் கமாவைப் பாருங்கள்." படிகளுக்கு எண் கொடுப்பதன் பெரிய பயனே இப்படித் திரும்பிப்போகச் சொல்ல முடிவதுதான். எண்ணைத் திரையின் மூலையிலும் காட்டுங்கள், குரலிலும் சொல்லுங்கள்.

Source கட்டத்தில் இன்னொரு பொறியும் உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்த இடது அம்பு விசையை அழுத்தினால், கர்சர் நகர்வதற்குப் பதில் கட்டத்துக்குள் ஏதோ ஒரு செல்லின் முகவரி நுழைந்துவிடும். எக்செல் அந்த நேரத்தில் நீங்கள் செல்லைச் சுட்டுவதாக எடுத்துக்கொள்கிறது. F2 அழுத்திவிட்டு நகர்த்தினாலோ, மவுஸால் கிளிக் செய்தாலோ இது நடக்காது. நான்காம் படியின் கீழ் இதை எழுதிவையுங்கள். டேக்கின் நடுவில் உங்களுக்கே நேரலாம்.

எதைப் படம்பிடிப்பது என்பதும் குறிப்பில் வரவேண்டும்

இந்த வேலையில் Data Validation என்பது எக்செல் ஜன்னலுக்குமேல் திறக்கும் தனி ஜன்னல். ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் Window Capture வைத்து எக்செலை மட்டும் பதிவுசெய்தால், அந்தப் பெட்டி வீடியோவில் வராமல் போகலாம். மவுஸ் வெறும் இடத்தில் கிளிக் செய்வதுபோல் தெரியும். Display Capture வைத்து முழுத் திரையையும் எடுப்பதே பாதுகாப்பு. அப்போது நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிட மறக்காதீர்கள். முழுப் பாடத்தையும் எடுக்கும் முன், இரண்டாம் படியை மட்டும் பத்து விநாடி பதிவுசெய்து பெட்டி தெரிகிறதா என்று பாருங்கள்.

திரையின் அகலமும் முக்கியம். ரிப்பனில் இடம் குறைந்தால் Data Validation என்ற எழுத்து மறைந்து சின்ன ஐகான் மட்டும் நிற்கும். பார்ப்பவரிடம் 1366×768 லேப்டாப் இருந்தால் அவருக்குத் தெரிவது அதுதான். அதனால் இரண்டாம் படியில், "பெயர் தெரியாவிட்டால் ஐகானின்மேல் மவுஸை நிறுத்துங்கள், பெயர் வரும்" என்று ஒரு வரி எழுதுங்கள். அப்படியும் கிடைக்காதவர்களுக்கு Alt, A, V, V என்று விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாலும் அதே பெட்டி திறக்கும்.

எடுப்பதற்கு முன் ஒரு சோதனை

வாய்க்கான வரிகளை மட்டும் சத்தமாகப் படித்து, ஃபோனில் நேரம் பாருங்கள். ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட மிக நீளமாக வந்தால், அதற்குள் இரண்டு அடையாளங்கள் ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம். அங்கே வெட்டுங்கள். படிகளுக்கு நடுவில் "2 விநாடி அமைதி, மவுஸ் அசையாது" என்றும் எழுதிவையுங்கள். ஒரு படி சொதப்பினால் அதை மட்டும் மறுபடி எடுத்து ஒட்ட அந்த இடைவெளி வேண்டும்.

பிறகு இந்த வேலை தெரியாத ஒருவரிடம் தாளையும் fees-start.xlsx நகலையும் கொடுத்து உட்காரவையுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அவர் கை எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே ஒரு வரி குறைகிறது. அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தால் அந்த இடத்தைத் தாளில் வட்டமிடுங்கள். ஆறாம் படியின் பிழைச் செய்தியைப் பார்த்து அவர் பதறினால், Cancel அழுத்துவதை வாயாலும் சொல்லவேண்டும் என்று புரியும்.

கடைசி வரியாக இந்த முறையின் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். Sourceஇல் நேரடியாக எழுதும் பட்டியல் 255 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. வேறு இடத்திலிருந்து நகலெடுத்து C பத்தியில் ஒட்டினால் டிராப்-டவுனே அழிந்துபோகலாம். இந்த இரண்டையும் ஆறாம் படிக்குப் பிறகு இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, முடிவுத் திரையிலேயே ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள்.