டேங்க் கிளீனிங் நோட்டீஸ்: பிளாக் வாரி அட்டவணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஒட்டும் டேங்க் கிளீனிங் நோட்டீஸில் ‘ஏ பிளாக் 8 முதல் 10, பி பிளாக் 10 முதல் 12, சி பிளாக் 12 முதல் 2’ என்று ஒரு அட்டவணை இருக்கும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பத்தேகால் மணிக்கு ஏ பிளாக்கிலிருந்து செயலாளருக்கு முதல் போன் வந்துவிடும்: “பத்து மணிக்குத் தண்ணி வரும்னு போட்டிருந்தீங்களே சார்?”

அப்படி அவர் போடவில்லை. எட்டிலிருந்து பத்து வரை என்பது கிளீனிங் ஆட்கள் தொட்டிக்குள் வேலை செய்யும் நேரம். குடியிருப்பவருக்கு அது தேவையே இல்லை. குழாய் எப்போது நிற்கும், எப்போது திரும்ப வரும் என்ற இரண்டும்தான் அவருக்கு வேண்டும். இந்த நோட்டீஸ்களில் பெரிய தவறு இதுதான். மற்றவை இதற்கு அடுத்தபடிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பிளாக்குகளுக்கும் மொட்டை மாடியில் தலா 12,000 லிட்டர் தொட்டி. கீழே ஒரே சம்ப், ஒரே மோட்டார். அது மணிக்கு 6,000 லிட்டர் ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். அடியில் நிற்கும் தண்ணீரை வடிக்க, வேலை தொடங்க அரை மணி முன்பே வால்வை மூட வேண்டும். தேய்த்து, சேற்றை அள்ளி, குளோரின் கரைசல் அடித்து ஊறவிட்டு, அலசி முடிக்க இரண்டு மணி நேரம். அதன் பிறகு தொட்டி காலி. நிறைய இரண்டு மணி ஆகும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4,000 லிட்டர், ஏறியதும் வால்வைத் திறந்துவிடலாம். அதற்கு 40 நிமிடம். கொஞ்சம் தாராளமாக ஒரு மணி நேரம் என்று போட்டால், அட்டவணை இப்படி வரும்:

| பிளாக் | தண்ணீர் நிற்கும் நேரம் | திரும்ப வரும் நேரம் |
|---|---|---|
| ஏ | காலை 7.30 | காலை 11.00 |
| பி | காலை 9.30 | பகல் 1.00 |
| சி | காலை 11.30 | பிற்பகல் 3.00 |

இரண்டு மணி நேரம் என்று நினைத்தது மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிளாக்கில் வேலை நடந்தால் சீக்கிரம் முடியுமே என்று சிலர் இரண்டு குழுவை வரவழைப்பார்கள். மோட்டார் ஒன்றுதானே? இரண்டாவது தொட்டி தன் முறைக்குக் காத்துக் கிடக்கும்.

அடுத்தது சம்ப். மேல்தொட்டிகளை முதலில் கழுவிவிட்டு, சம்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளினால், சம்பின் அடியில் கிடக்கும் வண்டல் மோட்டார் வழியாகக் கழுவிய தொட்டிக்கே போகும். சம்ப்தான் முதலில். அதையும் அதே நாளில் நுழைக்காதீர்கள். சம்ப் காலியாக இருக்கும்வரை எந்தத் தொட்டிக்கும் தண்ணீர் ஏறாது. மெட்ரோ தண்ணீரோ லாரியோ வந்து அது நிறைய எவ்வளவு நேரமாகும் என்பதும் நம் கையில் இல்லை. முந்தைய நாள் இரவே மேல்தொட்டிகளை நிரப்பி வைத்துக்கொண்டு, சம்பைத் தனி நாளில் முடித்துவிடுவது நல்லது. அட்டவணையில் சம்புக்கு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: ‘அன்று எல்லா பிளாக்கிலும் தண்ணீர் வரும், சிக்கனமாகப் பயன்படுத்தவும்.’

பிளாக் பெயரை நம்பி வரி போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பி பிளாக் தரைத்தளத்து வீடு ஒன்றோ வாட்ச்மேன் அறையோ ஏ பிளாக் தொட்டியிலிருந்து லைன் வாங்கியிருக்கலாம். பிளம்பரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் ஏ பிளாக் வால்வை மூடி, லைனில் நிற்கும் தண்ணீர் வடியும்வரை சந்தேகமான குழாய்களைத் திறந்து வைத்தால் தெரிந்துவிடும்.

எழுதும் விதத்துக்கு வருவோம். ‘நாளை’ என்று எழுதாதீர்கள். வாட்ஸ்ஆப் குழுவில் அதை மறுநாள் காலை திறப்பவருக்கு ‘நாளை’ என்பது வேறு நாள். கிழமையும் தேதியும் சேர்த்துப் போடுங்கள். வெறும் ‘12 மணி’யும் வேண்டாம், ‘பகல் 12’ என்று இருக்கட்டும். லிஃப்டில் ஒட்டிய தாளைப் படம் பிடித்து அனுப்பினால் மொபைலில் எழுத்து பொடியாகிவிடும். பெரியவர்கள் பாடு திண்டாட்டம். அட்டவணைக்குக் கீழே பிளாக்குக்கு ஒரு வரியாக டைப் அடித்தும் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, அட்டவணைக்கு அடியில் இரண்டு வரி. தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே விட்டு ஆபீஸ் கிளம்புகிறவர்கள் உண்டு. பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்ததும் வீடு குளமாகும். அதனால் ‘எல்லாக் குழாய்களையும் மூடி வைக்கவும்.’ இன்னொன்று, முதலில் வரும் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகவோ குளோரின் வாடையோடோ இருக்கும் என்பதால், ‘முதலில் பாத்ரூம் குழாயைத் திறந்து தெளியும்வரை விடவும், அதன் பிறகே ஆர்.ஓ., வாஷிங் மெஷின்.’