'குவைட் குட்' பாராட்டா, குறையா? குவைட், ராதர், ஃபேர்லி, சம்வாட் பழக ஒரு செய்முறை

விருந்துக்கு வந்தவரிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்கிறீர்கள். அவர் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். உடனே நம் காது "ஆனா..." என்ற அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். 'நல்லா இருக்கு' என்பதில் இல்லாத ஓர் இழுவை அந்தத் 'தான்' என்ற ஒட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையைக் குவைட், ராதர், ஃபேர்லி, சம்வாட் என்ற நான்கு சொற்கள் செய்கின்றன. தமிழில் யாரும் சொல்லித்தராமலே பிடிபடும் இழுவை, ஆங்கிலத்தில் பல வருடம் அலுவலக மின்னஞ்சல் எழுதியவர்களுக்கும் பிடிபடாமல் போவதுண்டு. 'குவைட்' என்றால் 'மிகவும்' என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

நான்கில் அதிகம் காலை வாருவது குவைட்தான். அதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: பக்கத்துச் சொல்லைச் சோதியுங்கள்

குவைட்டுக்கு இரண்டு பொருள். ஒன்று 'ஓரளவு', மற்றது 'முழுக்க முழுக்க'. எந்தப் பொருள் என்பதை அதற்கு அடுத்து வரும் சொல் முடிவு செய்கிறது.

சோதனை எளிது. குவைட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'வெரி' போட்டுப் பாருங்கள். வெரி குட், வெரி டயர்ட், வெரி பிஸி எல்லாம் இயல்பாக ஒலிக்கின்றன. இவை கூடவும் குறையவும் கூடிய குணங்கள். இவற்றின் முன் வரும் குவைட், பிரிட்டிஷ் வழக்கில் 'ஓரளவு' என்று பொருள்படும். 'குவைட் குட்' என்றால் பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

'வெரி பெர்ஃபெக்ட்', 'வெரி இம்பாசிபிள்' என்பவை காதில் இடறுகின்றன. ஒன்று முடியும், அல்லது முடியாது. முக்கால்வாசி முடியாது என்று ஒன்று கிடையாது. இப்படி எல்லையில் நிற்கும் சொற்களின் முன்னால் குவைட் 'முழுக்க' என்றாகிவிடும். 'குவைட் இம்பாசிபிள்' என்று ஒப்பந்தக்காரர் எழுதினால் அது 'கொஞ்சம் கஷ்டம்' இல்லை, 'நடக்கவே நடக்காது'. பேரம் பேசலாம் என்று நினைத்து மறுபடி எழுதுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இந்தச் சோதனைக்கு அடங்காத சொற்களும் உண்டு. 'டிஃபரன்ட்' வெரியையும் ஏற்கும். ஆனாலும் 'குவைட் டிஃபரன்ட்' என்றால் பெரும்பாலும் 'முற்றிலும் வேறு' என்றே பொருள். இதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

ஒரே சொல்லுக்கு ஏன் எதிரும் புதிருமாக இரண்டு பொருள்? 'முழுக்க' என்பதுதான் பழைய பொருள். அது 14ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. 'ஓரளவு' என்பது பல நூற்றாண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. வந்தது பழையதை விரட்டாமல் பக்கத்திலேயே குடியேறிவிட்டது.

படி 2: அழுத்தம் எங்கே, பேசுபவர் யார்?

'குவைட் குட்' என்பதை வாய்விட்டு இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். குவைட்டை அழுத்தி, குட்டைத் தாழ்த்தினால் மதிப்பு இறங்கும். 'நல்லாத்தான் இருக்கு' என்பதன் நேர் இணை இதுதான். குவைட்டை லேசாகத் தொட்டு, குட்டை அழுத்தினால் மதிப்பு ஏறும். எதிர்பார்த்ததைவிட நன்று என்ற தொனி வரும். மின்னஞ்சலில் இந்த அழுத்தம் தெரியாது. அதனால் எழுத்தில் யாரையாவது மனதாரப் பாராட்ட வேண்டுமானால் குவைட்டை நம்பாதீர்கள்.

அடுத்தது ஊர். அமெரிக்கர் 'குவைட் குட்' என்றால் பெரும்பாலும் 'ரொம்ப நல்லது' என்றே சொல்கிறார். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நாம் படித்தது பிரிட்டிஷ் வழியில் வந்த ஆங்கிலம். ஆனால் தஞ்சோங் பகாரில் ஒரே மாடியில் லண்டனிலிருந்து வந்த மேலாளரும் நியூயார்க்கிலிருந்து வந்த மேலாளரும் அடுத்தடுத்த மேசையில் இருப்பார்கள். இருவரும் ஒரே அறிக்கைக்கு 'குவைட் குட்' என்று எழுதினால், நியூயார்க்காரர் தட்டிக்கொடுக்கிறார், லண்டன்காரர் இன்னும் திருத்தச் சொல்கிறார். சந்தேகம் இருந்தால் "எந்தப் பகுதியை மாற்றலாம்?" என்று கேட்டுவிடுவது நல்லது. திருத்தம் ஏதும் இல்லை என்று பதில் வந்தால் அது பாராட்டு.

படி 3: ராதரா, ஃபேர்லியா?

இரண்டுமே 'கொஞ்சம்' என்ற அளவில் நிற்பவைதான். ஆனால் ஃபேர்லி திருப்தியின் பக்கம் சாயும்; ராதர் 'தேவைக்கு மேலே' என்ற பக்கம் சாயும்.

வீவக வீட்டுக்குச் சோபா வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் 'ஃபேர்லி பிக்' என்றால், நாலு பேர் தாராளமாக உட்காரலாம் என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர் படத்தைப் பார்த்து 'ராதர் பிக்' என்றால், 'கொஞ்சம் பெரிசா இருக்கே, மின்தூக்கியில் நுழையுமா?' என்று அர்த்தம். சோபாவின் அளவு மாறவில்லை. சொல்பவரின் விருப்பம்தான் மாறியிருக்கிறது. நாம் 'கொஞ்சம் உப்பு ஜாஸ்தி' என்னும்போது அந்தக் 'கொஞ்சம்' அளவைக் குறைக்கவில்லை, அடியை மட்டும் மெதுவாக்குகிறது. ராதரும் அப்படித்தான்.

அப்படியானால் ராதரை நல்ல சொல்லோடு சேர்க்கக் கூடாதா? சேர்க்கலாம். அப்போது அதில் வியப்பு கலந்துவிடும். 'ராதர் குட்' என்றால் 'அட, நினைத்ததைவிட நன்றாக இருக்கிறதே!' அதனால் மேலதிகாரியின் சமையலை 'ராதர் குட்' என்று பாராட்டும்முன் யோசியுங்கள். நன்றாக இருக்காது என்று நினைத்துத்தான் வந்தீர்களா என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

ராதருக்கு இன்னொரு வசதி, அது ஒப்பீட்டோடும் சேரும். 'ராதர் பெட்டர்', 'ராதர் டூ ஸ்மால்' இரண்டும் சரி. 'சம்வாட் பெட்டர்' என்பதும் சரி. 'ஃபேர்லி பெட்டர்' தவறு. 'குவைட் பெட்டர்' என்றால் நோயிலிருந்து முழுக்கத் தேறிவிட்டேன் என்ற ஒரே பொருள்தான், மற்ற இடங்களில் அது ஒட்டாது.

படி 4: சொல்லின் இடம்

இது சின்ன விஷயம், ஆனால் பிழை உடனே கண்ணில் படும். குவைட் பெரும்பாலும் 'எ'-க்கு முன்னால் வரும்: 'குவைட் எ குட் மீல்'. ஃபேர்லி பின்னால் வரும்: 'எ ஃபேர்லி குட் மீல்'. ராதர் இரண்டு இடத்திலும் உட்காரும். 'குவைட் எ ஃபியூ' என்ற தொடர் மட்டும் தனி ரகம். அது 'சில' இல்லை, 'நிறைய'. 'குவைட் எ ஃபியூ கம்ப்ளெயின்ட்ஸ்' என்று வந்திருந்தால் கவலைப்படலாம்.

எழுத்துப் பிழையையும் பாருங்கள். கடைசி இரண்டு எழுத்து டி, ஈ என்று முடிந்தால் குவைட். ஈ, டி என்று முடிந்தால் 'அமைதியான'. எழுத்துத்திருத்தி இதைக் கண்டுபிடிக்காமல் விடலாம், ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள்.

ஒரு மின்னஞ்சலைத் திருத்திப் பார்ப்போம்

ஒரு சமூக மன்றத்தில் தீபாவளி விருந்து. 120 பேருக்கு உணவு சொல்லியிருந்தது. பிரியாணி பிரமாதம். கறியில் உப்பு அதிகம், பாதி அப்படியே திரும்பியது. சாப்பாடு 40 நிமிடம் தாமதமாக வந்தது. கடைசி மேசையில் இருந்த 10 பேருக்குப் போதவில்லை. ஏற்பாட்டாளர் உணவு வழங்குநருக்கு மரியாதையாக நான்கு வரி எழுதுகிறார்: பிரியாணி 'குவைட் குட்', கறி 'சம்வாட் சால்ட்டி', சாப்பாடு 'ராதர் லேட்', அளவு 'குவைட் இனஃப்'.

முதல் வரியில் பாராட்டு சுருங்கிவிட்டது. பிரியாணி சமைத்தவர் இதைப் படித்தால் 'சுமார்' என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே 'வெரி குட்' போதும். பாராட்டை மென்மையாக்க வேண்டிய தேவை எங்கேயும் இல்லை.

இரண்டாவது வரியில் சம்வாட் குறையை மிகவும் சிறிதாக்கிவிட்டது. அடுத்த முறையும் அதே உப்புதான் வரும். 'ராதர் சால்ட்டி' என்று மாற்றி, பாதிக் கறி மிஞ்சியது என்ற செய்தியையும் சேர்த்தால், தொனி மரியாதையாகவே இருக்கும், விஷயமும் போய்ச் சேரும்.

மூன்றாவது வரியில் எந்த மென்சொல்லும் வேண்டாம். கடிகாரம் சொன்ன எண் கையில் இருக்கும்போது 'ராதர்' எதற்கு? படிப்பவர் ஐந்து நிமிடம் என்று நினைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறோம். '40 மினிட்ஸ் லேட்' என்று எழுதினால் அதில் கோபமும் இல்லை, குழப்பமும் இல்லை.

நான்காவது வரிதான் உண்மையான விபத்து. ஏற்பாட்டாளர் 'ஏதோ ஓரளவு போதும்' என்று சொல்ல நினைத்தார். ஆனால் 'போதும்' எல்லையில் நிற்கும் சொல். முதல் படியின் சோதனையில் 'வெரி இனஃப்' இடறும். ஆகவே 'குவைட் இனஃப்' என்றால் 'தாராளமாகப் போதும்'. வழங்குநர் அடுத்த ஆண்டும் அதே அளவு அனுப்புவார், மறுபடி ஒரு மேசை காயும். இங்கே வேண்டியது 'நாட் குவைட் இனஃப்'. 'நாட்' முன்னால் வந்ததும் 'முழுக்க' என்பது 'முழுக்க இல்லை, கிட்டத்தட்ட' என்றாகிவிடும். 'போதுமானதாக இருந்திருக்கும், கொஞ்சம் குறைந்துவிட்டது' என்ற நயமான குறை அது. கூடவே கடைசி 10 பேர் கணக்கையும் எழுதிவிடுங்கள்.

இரண்டு மென்சொற்களை அடுக்குவதையும் தவிர்க்கவும். 'சம்வாட் குவைட் லேட்' என்பதில் ஒன்று மற்றொன்றின் காலைப் பிடித்து இழுக்கிறது. படிப்பவருக்கு எதுவும் தங்காது.

இனி வழங்குநரின் பதில் வருகிறது என்று வையுங்கள். அதில் 'வி ஆர் சம்வாட் சர்ப்ரைஸ்ட்' என்று இருந்தால், 'லேசாக ஆச்சரியப்பட்டோம்' என்று நேராக மொழிபெயர்த்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். அலுவல் எழுத்தில் சம்வாட் அடுத்து ஏமாற்றம், வியப்பு, கவலை போன்ற சொல் வந்தால், பிரிட்டிஷ் பாணியில் அது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது. அவர் உங்கள் குறையை ஏற்கவில்லை. சாப்பாடு வந்து இறங்கிய நேரத்தையும் மிஞ்சிய கறிப் பாத்திரத்தின் படத்தையும் இணைத்து, மென்சொல் எதுவும் இல்லாமல், இரண்டே வரியில் பதில் அனுப்புங்கள்.