சூடேற்றினால் சுருங்கும் ரப்பர் பேண்ட்: விளக்கத்திலும் செய்முறையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளில் இந்தச் சோதனையை அவ்வப்போது காணலாம். ஆணியில் ஒரு தடித்த ரப்பர் பேண்ட், அதன் கீழ் முனையில் தண்ணீர் நிரப்பிய பாட்டில், பின்னால் சுவரில் ஒட்டிய ஸ்கேல், மேசையில் ஒரு ஹேர் டிரையர். சூடான காற்று பட்டவுடன் பாட்டில் மெல்ல மேலே ஏறுகிறது. "சூடு பட்டா ரப்பர் சுருங்கும் மிஸ்" என்று மாணவர் சொல்லி முடிக்கிறார். பார்ப்பவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார்கள். சோதனை சரியானது. அந்த வாக்கியம்தான் தவறு.

இழுக்காமல் விட்ட ரப்பர் சூடேறினால் மற்றப் பொருள்களைப் போலவே விரிவடையும், அதுவும் இரும்பைவிடப் பல மடங்கு அதிகமாக. பத்து செ.மீ. நீளமுள்ள ரப்பரின் வெப்பநிலை 40 டிகிரி உயர்ந்தால் அதன் நீளம் ஏறத்தாழ 0.9 மி.மீ. கூடும். சுருங்குவது இழுத்துப் பிடிக்கப்பட்ட ரப்பர் மட்டுமே. அதுவும் போதுமான அளவு இழுத்திருந்தால்தான். ஆகவே "ரப்பரின் வெப்ப விரிவுக் குணகம் எதிர்மறையானது" என்று சார்ட் பேப்பரில் எழுதுவது, சுருக்கத்திற்குக் காரணமே இல்லாத ஒன்றைக் காரணமாகக் காட்டுவதாகும்.

அப்படியானால் இழுவிசை எங்கிருந்து வருகிறது? பலரும் இங்கே இரும்பு ஸ்பிரிங்கை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஸ்பிரிங்கை இழுக்கும்போது அணுக்களுக்கு இடையேயான தூரம் சற்றே மாறுகிறது, அந்த மாற்றத்தில் ஆற்றல் சேமிக்கப்படுகிறது, விட்டவுடன் அது திரும்பி வருகிறது. ரப்பரில் நடப்பது இதுவன்று. இயற்கை ரப்பர் ஐசோப்ரீன் அலகுகள் கோத்த மிக நீண்ட சங்கிலிகளால் ஆனது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும்போது இந்தச் சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. அடுத்தடுத்த இரு பிணைப்புகளுக்கு நடுவே ஏறத்தாழ நூறு அலகுகள் கொண்ட துண்டு ஒன்று சுருண்டும் மடங்கியும், ஒரு நொடிகூட ஒரே வடிவில் நில்லாமல் நெளிந்துகொண்டே இருக்கிறது. ரப்பரை இரு மடங்காக இழுக்கும்போது வேதிப்பிணைப்புகள் இரு மடங்காக நீள்வதில்லை. சுருண்டிருந்த துண்டுகள் நிமிர்கின்றன, அவ்வளவுதான்.

நிமிர்ந்த துண்டு ஏன் மீண்டும் சுருள வேண்டும் என்பதைச் சிறிய கணக்கால் பார்க்கலாம். பத்தே கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி, ஒவ்வொரு கண்ணியும் வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ மட்டும் திரும்பும் என்று கொள்வோம். மொத்த அமைப்புகள் 1024. பத்துக் கண்ணிகளும் வலப்பக்கம் திரும்பி, சங்கிலி முழுநீளத்துக்கு நிமிர்ந்திருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. எட்டு வலப்பக்கமும் இரண்டு இடப்பக்கமுமாக, முனைகளுக்கு இடையே ஆறு கண்ணி தூரம் இருக்க 45 வழிகள் உண்டு. முனைகள் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர 252 வழிகள். இந்த 1024 அமைப்புகளுக்கும் ஆற்றல் ஒன்றேதான். எதன்மீதும் சங்கிலிக்குத் தனி விருப்பம் கிடையாது. வெப்ப இயக்கம் அதை இடைவிடாமல் ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பதால், வழிகள் அதிகமுள்ள சுருண்ட நிலைகளிலேயே அது பெரும்பாலும் காணப்படும். இந்த வழிகளின் எண்ணிக்கையை அளக்கும் அளவுதான் என்ட்ரோபி. இழுத்தால் வழிகள் குறைகின்றன. ஆகவே என்ட்ரோபி குறைகிறது.

"ஒழுங்கின்மை" என்ற ஒரு சொல்லோடு என்ட்ரோபியை முடித்துக்கொள்வது அடுத்த தவறு. "ரப்பர் ஒழுங்கின்மையை விரும்புகிறது, அதனால் சுருங்குகிறது" என்று எழுதிவிட்டால் ரப்பர் ஏன் சுருங்குகிறது என்பதற்கு ஏதோ பதில் கிடைத்துவிடுகிறது. சூடேற்றினால் ஏன் கூடுதலாகச் சுருங்குகிறது என்பதற்குப் பதிலே இல்லை. மேலே சொன்ன எண்ணிக்கைகளைப் பாருங்கள்: 1, 45, 252 ஆகியவற்றில் வெப்பநிலை எங்குமே வரவில்லை. வெப்பநிலை வேறு வழியாக நுழைகிறது. நிமிர்த்திப் பிடிக்கப்பட்ட சங்கிலியைப் பக்கத்துச் சங்கிலிகள் ஓயாமல் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் அதைப் பக்கவாட்டில் வளைத்து அதன் முனைகளை உள்நோக்கி இழுக்கிறது. காசிமேட்டில் இரண்டு படகுகளுக்கு இடையே சற்றுத் தளர்வாகக் கட்டிய கயிற்றை அலைகள் குறுக்கே அடிக்கும்போது, அடி வலுக்க வலுக்கக் கயிறு இரு படகுகளையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுப்பதைப் போன்றது இது. வெப்பநிலை என்பது அந்த அடியின் வலிமை. ஆகையால் ஒரு குறிப்பிட்ட நீளத்தில் பிடித்துவைத்த ரப்பரின் இழுவிசை, வெப்பநிலையையும் நீளம் கூடும்போது என்ட்ரோபி குறையும் வீதத்தையும் பெருக்கினால் வரும் அளவுக்கு ஏறத்தாழச் சமம். சூடேற்றினால் இழுவிசை கூடும். தொங்கும் பாட்டிலின் எடையோ மாறவில்லை. அந்த எடைக்குச் சமமாகும் குறைந்த நீளம் வரும்வரை ரப்பர் சுருங்கும்.

இந்த வெப்பநிலையைச் செல்சியஸில் போட்டுக் கணக்கிடுவது கண்காட்சிப் பலகைகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அறை 30 டிகிரி, சூடேறிய ரப்பர் 70 டிகிரி என்றால் இழுவிசை இரண்டு மடங்குக்கு மேல் கூட வேண்டும் என்று எதிர்பார்த்து, அப்படி நடக்காததால் சோதனை தோற்றதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். கெல்வினில் அது 303-இலிருந்து 343, அதாவது 13 விழுக்காடு உயர்வு மட்டுமே.

எவ்வளவு சுருக்கத்தை எதிர்பார்க்கலாம் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். இழுக்காதபோது பத்து செ.மீ. இருக்கும் பேண்டை ஆணியில் மாட்டி, அது இருபது செ.மீ. ஆகும்வரை பாட்டிலில் தண்ணீர் ஊற்றுங்கள். நீள்விகிதத்தை λ என்று குறித்தால், இத்தகைய பிணைந்த சங்கிலிகளின் இழுவிசை, வெப்பநிலையை λ − 1/λ² என்ற கோவையால் பெருக்கினால் வரும் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். λ இரண்டாக இருக்கும்போது அந்தக் கோவை 1.75. எடை மாறாததால், வெப்பநிலை 303-இலிருந்து 343-க்கு உயரும்போது கோவை 303/343 என்ற விகிதத்தில் குறைந்து 1.55 ஆக வேண்டும். ரப்பரின் சாதாரண வெப்ப விரிவையும் சேர்த்துக் கணக்கிட்டால் λ ஏறத்தாழ 1.85 என்று வருகிறது. இருபது செ.மீ. நீண்டிருந்த பேண்ட் பதினெட்டரை செ.மீ. ஆகும், ஒன்றரை செ.மீ. என்பது தூரத்தில் நின்று பார்ப்பவருக்கும் தெரியும் மாற்றம். உண்மையான ரப்பரில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். காரணம் கடைசியில் வருகிறது.

இதே கணக்கைச் சிறு எடையோடு செய்து பார்த்தால்தான் சுவாரசியம். சின்ன பாட்டில் ஒன்றை மாட்டி, பேண்ட் பத்திலிருந்து பத்தரை செ.மீ. மட்டுமே நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 40 டிகிரி உயர்வுக்கு அது சுருங்காது, கால் மி.மீ. அளவு நீளும்! இத்தனை குறைந்த இழுப்பில் சங்கிலிகளின் பின்னிழுப்பு சிறியது. ஒட்டுமொத்த ரப்பரின் வெப்ப விரிவு அதை மிஞ்சிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடம் ஏறத்தாழ ஏழு விழுக்காடு நீட்சி. அதற்குக் கீழே ரப்பர் விரியும், மேலே சுருங்கும். "எங்கள் பேண்ட் சுருங்கவில்லை" என்று வரும் மாணவரிடம் நான் முதலில் கேட்பது, எடை மாட்டியபின் பேண்ட் எவ்வளவு நீண்டது என்பதைத்தான். ஒன்றரை மடங்குக்குக் குறைவான நீட்சியில் இந்தச் சோதனையைச் செய்யாமலிருப்பது நல்லது.

நீட்சி போதுமானதாக இருந்தும் பாட்டில் இறங்குவதுண்டு. பாரிமுனையில் எடைபோட்டு வாங்கிவந்த புதுப் பேண்டை முதன்முறையாக மாட்டினால், அது அறை வெப்பநிலையிலேயே சிறிது நேரம் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். அந்த நழுவலுக்கு நடுவே சூடேற்றினால் இரண்டு மாற்றங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். எடையை மாட்டி ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, ஸ்கேலில் குறி நின்றபின் தொடங்க வேண்டும். சூடேற்றி நிறுத்தியபின் பேண்ட் குளிர்ந்ததும் குறி பழைய இடத்துக்குத் திரும்பினால் நீங்கள் பார்த்தது என்ட்ரோபியின் வேலை. பழைய இடத்துக்குக் கீழே நின்றால் பிணைப்புகள் சிலவும் விட்டுப்போயிருக்கின்றன. ஹேர் டிரையரை ஒட்டிப் பிடித்து ஒரே இடத்தில் சூடு காட்டுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும்.

இதன் மறுபக்கத்தைக் காட்ட உதட்டில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. சிறுவயதிலேயே பார்வையை இழந்த ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர், இழுத்த ரப்பரை உதட்டில் வைத்துச் சூட்டை உணர்ந்து 1805-இல் எழுதினார். ஜேம்ஸ் ஜூல் 1859-இல் அதை முறையாக அளந்தார். அகலமான பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். அரை நிமிடம் இழுத்தபடியே பிடித்திருந்து, அந்தச் சூடு ஆறியபின் தளர்த்தி மீண்டும் வைத்தால் குளிர்ச்சி தெரியும். இழுக்க நாம் செலவிட்ட உழைப்பு பிணைப்புகளில் சேமிக்கப்பட்டிருந்தால் அது சூடாக வெளிப்பட வேண்டிய தேவையே இல்லை. ஸ்பிரிங் மனப்படம் ரப்பருக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மெதுவாக இழுத்தால் சூடு காற்றில் கலந்துவிடும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நம் ஊரில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வியர்வையோ எச்சிலோ பட்ட ரப்பர், மின்விசிறிக் காற்றில் ஈரம் ஆவியாவதாலேயே குளிர்ந்துவிடும், தளர்த்தியதால் வந்த குளிர்ச்சி என்று அதை எண்ணிவிடலாம். பேண்டைத் துடைத்து, விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

கடைசியாக, இழுவிசை முழுவதும் என்ட்ரோபியிலிருந்தே வருகிறது என்று அறுதியிட்டுச் சொல்வதும் சரியன்று. சங்கிலியில் அடுத்தடுத்த பிணைப்புகள் எந்தத் திருப்பத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்து ஆற்றலில் சிறு வேறுபாடு உண்டு. மேலே கணக்கில் நாம் அதை விட்டுவிட்டோம். இயற்கை ரப்பரின் இழுவிசையில் ஏறத்தாழ பத்து முதல் இருபது விழுக்காடு இந்த உள்ளாற்றல் மாற்றத்திலிருந்து வருகிறது. அந்தப் பங்கு வெப்பநிலையோடு வளர்வதில்லை என்பதால்தான் அளந்த சுருக்கம் ஒன்றரை செ.மீ.யைவிடக் குறைகிறது. நான்கைந்து மடங்கு இழுத்தால் நிலைமை இன்னும் மாறும்: நிமிர்ந்த சங்கிலிகள் ஆங்காங்கே அடுக்கிக்கொண்டு சிறு படிகங்களாகின்றன, அப்போது வெளிப்படும் வெப்பமும் உதட்டில் தெரியும் சூட்டோடு சேர்ந்துகொள்கிறது. அந்த அளவுக்கு இழுத்த பேண்டைச் சூடேற்றினாலும் அது சுருங்கத்தான் செய்யும். ஆனால் படிகங்கள் உருகுவதும் அந்தச் சுருக்கத்தில் கலந்திருப்பதால், அந்த அளவீட்டை λ − 1/λ² கணக்கோடு ஒப்பிடக் கூடாது.