ஃப்ரீலான்சருக்கு வேலை கொடுக்கும் கடிதம்: ஒரு படக்கதைப் புத்தகத்தை வைத்துப் படிப்படியாக

குழந்தைகளுக்கான படக்கதை ஒன்றை எழுதி முடித்துவிட்டு, படம் வரைய ஓர் ஓவியரைக் கண்டுபிடித்திருந்தேன். கட்டணமும் பேசியாயிற்று. அதன்பின் நான் அவருக்கு அனுப்பிய கடிதம் நான்கே வரி. 12 படமும் ஓர் அட்டையும் வேண்டும். ஆறு வாரத்தில் வேண்டும். தேவையான திருத்தங்களைச் செய்து தர வேண்டும். பாதிப் பணம் இப்போது, மீதி புத்தகம் அச்சானதும்.

அந்த நான்கு வரியில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கட்டத்தில் எங்கள் இருவருக்கும் இடையே மனக்கசப்பை உண்டாக்கியது. அடுத்த புத்தகத்துக்கும் அவரையே கேட்டேன். இந்த முறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கடிதத்தை எழுதினோம். அதை எப்படி எழுதினோம் என்பதுதான் இந்தப் பதிவு. ஆளைத் தேடுவது, கட்டணத்தைப் பேரம் பேசுவது எல்லாம் இதில் இல்லை. ஆளும் தொகையும் முடிவான பிறகு என்ன எழுதி அனுப்புவது என்பது மட்டும்தான்.

படி 1: எண்ணக்கூடியதாக எழுதுங்கள்

“12 படம், ஓர் அட்டை” என்பது போதுமான விவரம் என்று நினைத்திருந்தேன். படங்கள் வந்தபின் அச்சகத்தில் ப்ளீட் எங்கே என்று கேட்டார்கள். தாளை வெட்டும்போது விளிம்பில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க, படம் பக்கத்தைவிட ஒவ்வொரு புறமும் 3 மி.மீ. கூடுதலாக நீண்டிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை, அவர் வரையவில்லை. 12 படத்துக்கும் ஓரங்களை நீட்டி வரைய வேண்டியதாயிற்று.

அதனால் இப்போது இப்படி எழுதுகிறேன்: பக்க அளவு 210 மி.மீ. சதுரம், ப்ளீட் சேர்த்து 216 மி.மீ., அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற 300 dpi தெளிவு. அதாவது ஒவ்வொரு படமும் குறைந்தது 2551 பிக்சல் அகலம், அதே உயரம். அச்சுக்கான கோப்பு, அச்சு மைகளின் நான்கு நிறங்களைக் கொண்ட CMYK முறையில். அதோடு லேயர் பிரிக்கப்பட்ட மூலக் கோப்பும் வேண்டும். உங்கள் வேலை வேறாக இருந்தால் விவரங்களும் வேறாக இருக்கும். ஆனால் எத்தனை, என்ன அளவு, எந்தக் கோப்பு என்ற மூன்றும் எந்த வேலைக்கும் உண்டு.

கூடவே, எது இதில் சேராது என்றும் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் கடிதத்தில் அது “பக்கங்களில் எழுத்தை அமைப்பதும் விளம்பரப் படங்களும் இந்தக் கட்டணத்தில் சேராது” என்று இருக்கிறது. இந்த வரியை ஓவியர்தான் கேட்டார். எனக்குமே அது நிம்மதியாக இருந்தது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தயங்க வேண்டியதில்லை.

படி 2: திருத்தம் என்றால் என்ன என்று சொல்லுங்கள்

“இரண்டு முறை திருத்தம்” என்று எழுதினாலும் போதாது. திங்கட்கிழமை சட்டையின் நிறத்தைச் சொல்லி, புதன்கிழமை மரத்தைச் சொன்னால் அது ஒரு முறையா, இரண்டு முறையா? நாங்கள் இப்படி வைத்துக்கொண்டோம்: ஒரு கட்டத்தின் எல்லாப் படங்களையும் பார்த்து, எல்லாக் குறிப்புகளையும் ஒரே ஆவணத்தில் எழுதி, ஒரே தடவையாக அனுப்புவதுதான் ஒரு சுற்று. பென்சில் வரைவுக்கு இரண்டு சுற்று, வண்ணத்துக்கு ஒரு சுற்று.

வண்ணத்துக்கு ஏன் ஒன்றுதான் என்றால், உருவத்தின் நிலையை மாற்றுவது பென்சிலில் சிறிது நேர வேலை, வண்ணம் தீட்டியபின் கிட்டத்தட்ட புதுப் படம். ஆகவே வரைவுக்குச் சரி சொன்னபின் அமைப்பை மாற்றினால் அரைப் படத்துக்கான தொகை தனியாக உண்டு.

அந்த அரைப் படத்தின் தொகை எவ்வளவு என்றும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அட்டைக்கு உழைப்பு அதிகம் என்பதால் அதை இரண்டு படமாகக் கணக்கிட்டோம். 12 படமும் அட்டையும் சேர்த்து 14 பங்கு. கூடுதல் படம் ஒன்றுக்கு மொத்தக் கட்டணத்தில் பதினான்கில் ஒரு பங்கு, அரைப் படத்துக்கு இருபத்தெட்டில் ஒரு பங்கு. இடையில் எனக்கு இன்னொரு படம் தோன்றினால் பேரமே தேவையில்லை, கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.

படி 3: பணம் எப்போது, எதற்காக

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். “மீதி புத்தகம் அச்சானதும்” என்று எழுதியபோது அது நியாயமாகவே பட்டது. புத்தகம் வந்தால்தானே வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஓவியர் படங்களை முழுமையாக முடித்துக் கொடுத்துவிட்டார். அதன்பின் நான் கதையின் சில பத்திகளை மாற்றினேன், அச்சுக்கான தாளை மாற்றினேன், அச்சு ஐந்து மாதம் தள்ளிப் போயிற்று. அவ்வளவு காலமும் அவருடைய பாதிக் கட்டணம் என்னிடமே இருந்தது. அவர் இரண்டு முறை மிகவும் தயங்கிக் கேட்டார். இரண்டு முறையும் நான் கடிதத்தைக் காட்டி, “இன்னும் அச்சாகவில்லையே” என்றேன். எழுதியபடி நான் செய்தது சரி. ஆனால் என் தாமதத்துக்கு அவர் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தவணை எழுதும்போது இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தத் தவணை வரவேண்டுமானால் நடக்க வேண்டிய காரியம் யார் கையில் இருக்கிறது? அது ஓவியர் கையில் இருந்தால் எழுதலாம். என் கையிலோ, அச்சகத்தின் கையிலோ, என் வாசகர்கள் கையிலோ இருந்தால் எழுதக்கூடாது. “எனக்குத் திருப்தியானதும்” என்பதும் என் கையில் இருப்பதுதான். “இணையதளம் வெளியானதும்”, “வாடிக்கையாளர் பணம் கொடுத்ததும்” என்பவையும் அப்படியே.

மொத்தம் 100 என்று வைத்துக்கொண்டால் எங்கள் பிரிப்பு இது. தொடங்கும்போது 30. எல்லாப் பென்சில் வரைவுகளும் வந்து, இரண்டு சுற்று முடிந்ததும் 30. எல்லா வண்ணப் படங்களும் சிறிய அளவில் பார்வைக்கு வந்து, ஒரு சுற்று முடிந்ததும் 30. முழு அளவுக் கோப்புகளும் மூலக் கோப்புகளும் வந்ததும் 10. ஒவ்வொன்றுக்கும் அவர் இன்வாய்ஸ் அனுப்பிய 7 நாளுக்குள் பணம்.

கடைசித் தவணையை 10 ஆக வைத்ததற்குக் காரணம் உண்டு. அது பெரிதாக இருந்தால் அவர் பயத்தோடு காத்திருப்பார். இல்லவே இல்லையென்றால் மூலக் கோப்புகள் வந்து சேர நாளாகும். பாதி முன்பணம், பாதி கடைசியில் என்ற பிரிப்பு சில நாள் வேலைக்குப் பரவாயில்லை. இரண்டு மாத வேலைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நடுவில் இருவருக்கும் நிலைமையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமே இருக்காது.

நடுவில் நிறுத்த நேர்ந்தால் என்ன என்பதும் இங்கேயே வர வேண்டும். முடிந்த கட்டத்துக்கான பணம் அவருக்கே. ஒரு கட்டத்தின் பாதியில் நான் நிறுத்தினால் அடுத்த தவணையில் பாதியைக் கொடுப்பேன். அவர் நிறுத்தினால், முன்பணத்தில் செய்யாத வேலைக்கான பகுதியைத் திருப்பித் தருவார்.

படி 4: நாட்களை எண்ணுங்கள், உங்கள் நாட்களையும் சேர்த்து

ஆறு வாரம் என்று முதலில் எழுதியது வெறும் ஊகம். இந்த முறை வேலை நாட்களாக எண்ணினோம். பாத்திரங்களின் உருவம் முடிவாக 5 நாள், நான் பார்க்க 3. பென்சில் வரைவுகள் திருத்தத்தோடு 10, நான் பார்க்க 4. வண்ணம் 18, நான் பார்க்க 4. கடைசிக் கோப்புகள் 3. கூட்டினால் 47 வேலை நாள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஒன்பது வாரத்தைத் தாண்டுகிறது. அதில் 11 நாள் என்னுடையது. முதல் கடிதத்தில் அந்த 11 நாளும் எங்கேயுமே இல்லை.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். முன்பணம் அவருக்கு வந்த நாள், முடிவான கதை அவருக்கு வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதுதான் முதல் நாள். நான் பார்க்கத் தாமதித்தால் முடிவுத் தேதி அத்தனை நாள் தள்ளிப் போகும். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பார்க்காத படத்துக்கு யாரும் சரி சொன்னதாக ஆகாது. தேதி தள்ளிப் போவதே போதும்.

அச்சகத்தில் தேதி வாங்கும்போது இந்தக் கணக்குக்கு மேல் இரண்டு வாரம் விட்டு வாங்கினேன்.

படி 5: அனுப்புவது

அரட்டைச் செயலியில் துண்டு துண்டாகப் பேசி முடிக்காதீர்கள். பிறகு தேட முடியாது. பகிரக்கூடிய ஓர் ஆவணத்தில் எழுதி, இருவரும் திருத்தி, முடிவானதை PDF ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பி, “ஒப்புக்கொள்கிறேன்” என்ற பதிலை வாங்குங்கள். பெரிய ஒப்பந்தப் படிவங்களை இணையத்திலிருந்து இறக்கி ஒட்டுவதைவிட, இருவருக்கும் புரிகிற ஒரு பக்கம் மேல் என்பேன். எங்கள் கடிதத்தின் நடுப்பகுதி:

> 210 மி.மீ. சதுரப் பக்கத்துக்கு 12 முழுப்பக்க வண்ணப் படங்களும் ஓர் அட்டைப் படமும் வரைந்து தரக் கேட்டுக்கொள்கிறேன். மொத்தக் கட்டணம் இணைப்பில் உள்ளது. வரி அதில் சேரவில்லை. கட்டணம் 30, 30, 30, 10 சதவீதமாக நான்கு தவணையில், இன்வாய்ஸ் வந்த 7 நாளுக்குள் தரப்படும். முதல் நாளிலிருந்து 47 வேலை நாளில் வேலை முடியும். கடைசித் தவணை தரப்பட்டதும், இந்தப் படங்களை இந்தக் கதையின் அச்சு நூலிலும் மின்நூலிலும் பயன்படுத்தும் உரிமை எனக்கு வரும். இதில் மாற்ற வேண்டியது இருந்தால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை 1: உரிமை பற்றிய வரி எதற்கு, பணம் கொடுத்தால் படம் நம்முடையதுதானே என்று பலர் கேட்டிருந்தீர்கள். பல நாடுகளில் அப்படி இல்லை. எழுத்தில் மாற்றித் தராதவரை ஃப்ரீலான்சர் வரைந்ததன் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். முழு உரிமையும் வேண்டுமானால் அதைத் தெளிவாக எழுதிக் கேளுங்கள். கட்டணமும் கூடும். எனக்கு இந்தப் புத்தகத்துக்கான உரிமை போதுமானதாக இருந்தது.

பிற்சேர்க்கை 2: வெளிநாட்டு ஓவியருக்கு முழுத் தவணையை அனுப்பியும் குறைவாகப் போய்ச் சேர்ந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். வங்கிப் பரிமாற்றப் படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்ற இடத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தேர்வுகள் இருக்கும். OUR என்றால் அனுப்புபவர் ஏற்கிறார், SHA என்றால் இருவரும் பகிர்கிறார்கள், BEN என்றால் பெறுபவர் தலையில். எது என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், எந்த நாணயத்தில் என்பதையும் சேர்த்து. “தவணைத் தொகை பெறுபவருக்குக் குறையாமல் சேர வேண்டும்” என்ற வரியை என் கடிதத்திலும் இப்போது சேர்த்திருக்கிறேன்.